கேட் இல்லாமல் மூன்று மாறிச் சார்பு: 4-க்கு-1 மக்ஸ் சிப்பில் தாளிலிருந்து ப்ரெட்போர்டு வரை

F = B'C' + AB' + A'BC என்று ஒரு சார்பைக் கொடுத்து "சர்க்யூட் போடு" என்றால், பெரும்பாலானவர்கள் கை தானாகவே கேட் பக்கம் போய்விடும். இரண்டு இன்புட் கேட்களை வைத்து எண்ணிப் பாருங்கள்: மூன்று இன்வெர்ட்டர், நான்கு ஆண்ட், இரண்டு ஆர். அதாவது மூன்று சிப், ப்ரெட்போர்டு முழுக்க வயர். இதே சார்பை ஒரே ஒரு 4-க்கு-1 மல்டிபிளெக்சர் சிப்பில் முடிக்கலாம், தனி இன்வெர்ட்டர்கூட இல்லாமல்.

தாளில் இது பத்து நிமிட வேலை. ஆனால் லேபில் பலர் இதில் ஒரு மதியத்தையே தொலைத்ததைப் பார்த்திருக்கிறேன், நானும் தொலைத்திருக்கிறேன். லாஜிக் புரியாமல் தடுமாறியவர்கள் குறைவு. எந்த பின்னுக்கு எது போகும் என்ற இடத்தில்தான் சறுக்கினார்கள். அதனால் கீழே அந்தப் பகுதிக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன். மேற்கோள் குறி போட்ட C' என்பது C-யின் எதிர்நிலை.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

74HC153 ஒன்று. இதில் ஒரே உடம்புக்குள் இரண்டு 4-க்கு-1 மக்ஸ் இருக்கின்றன. செலக்ட் வரிகள் இரண்டுக்கும் பொது, டேட்டா இன்புட்களும் எனேபிளும் தனித்தனி. இந்த அமைப்பு பின்னால் ஒரு இடத்தில் கைகொடுக்கும்.

அப்புறம் 5 வோல்ட் சப்ளை, மூன்று ஸ்விட்ச், மூன்று 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒரு எல்.இ.டி., அதற்கு ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், சிப்பின் சப்ளை பின்களுக்கு அருகில் வைக்க 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று.

ஒவ்வொரு ஸ்விட்சும் +5 வோல்ட்டுக்கும் இன்புட்டுக்கும் நடுவே வரும். இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் போகும். ரெசிஸ்டரை விட்டுவிட்டால், ஸ்விட்ச் திறந்திருக்கும்போது இன்புட் 0 ஆகாது, அந்தரத்தில் தொங்கும். பக்கத்தில் கை கொண்டுபோனாலே எல்.இ.டி. மினுக்கினால் காரணம் இதுதான்.

லேபில் 74LS153 கொடுத்தால் பின் வரிசை அதேதான், ஆனால் இந்த ரெசிஸ்டர் கணக்கு செல்லாது. LS இன்புட் ஒன்று 0 நிலையில் 0.4 மில்லி ஆம்பியர் வரை வெளியே தள்ளலாம். 10 கிலோ ஓம் வழியே அது போனால் 4 வோல்ட், அது 0 என்றே ஆகாது. LS என்றால் ஸ்விட்சை கிரவுண்ட் பக்கமும் ரெசிஸ்டரை +5 பக்கமும் மாற்றிப் போடுங்கள். ஸ்விட்ச் மூடினால் 0, திறந்தால் 1 என்று ஆகிவிடும், அவ்வளவே. எல்.இ.டி.யை நேரடியாக எரிக்கவும் LS அவுட்புட் 1 நிலையில் போதாது, மீட்டர் வைத்துப் பாருங்கள்.

## 2. சார்பை ட்ரூத் டேபிளாக விரித்து எழுதுங்கள்

கார்னோ மேப் போட்டுச் சுருக்கும் பழக்கத்தை இங்கே ஓரமாக வையுங்கள். சுருக்குவது கேட் எண்ணிக்கையைக் குறைக்கத்தான். மக்ஸில் கேட் எண்ணிக்கை என்ற கேள்வியே இல்லை, நான்கு இன்புட்டும் எப்படியும் இருக்கின்றன. சுருக்கிய கோவை கையில் இருந்தால் அதை மீண்டும் எட்டு வரியாக விரிக்க வேண்டும்.

முதலில் A-தான் பெரிய பிட், C-தான் சிறிய பிட் என்று தாளின் மேலேயே எழுதுங்கள். வரி எண் எல்லாம் இந்த முடிவைச் சார்ந்தவை. நடுவில் மாற்றினால் எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்க முடியாது.

நம் சார்பில் B'C' 0, 4 ஆகிய வரிகளையும், AB' 4, 5 ஆகியவற்றையும், A'BC 3-ஐயும் தருகின்றன. ஆக F = Σm(0,3,4,5).

```
வரி  A B C  F
0    0 0 0  1
1    0 0 1  0
2    0 1 0  0
3    0 1 1  1
4    1 0 0  1
5    1 0 1  1
6    1 1 0  0
7    1 1 1  0
```

## 3. எட்டு வரியை நான்கு ஜோடியாகப் படியுங்கள்

மூன்று மாறிக்கு எட்டு வரி, மக்ஸிலோ நான்கு இன்புட்தான். இந்த இடைவெளியைப் பார்த்து "8-க்கு-1 வேண்டாமா?" என்று கேட்காத ஆள் இல்லை. வேண்டாம். A, B இரண்டையும் செலக்டுக்குக் கொடுத்துவிட்டால், அவை எட்டு வரியையும் இரண்டு இரண்டாகப் பிரிக்கின்றன. ஒரு ஜோடிக்குள் A, B மாறாது, C மட்டும் 0-விலிருந்து 1-க்குப் போகும். அந்த இரண்டு வரியில் F என்ன செய்கிறது என்பதற்கு நான்கே சாத்தியம்: 0 0, 1 1, 0 1, 1 0. அவற்றை அப்படியே 0, 1, C, C' என்று எழுதிவிடலாம். ஒவ்வொரு இன்புட்டுக்கும் இந்த நான்கில் ஒன்றைக் கொடுத்தால் போதும்.

```
A B   F (C=0, C=1)   இன்புட்
0 0   1 0            I0 = C'
0 1   0 1            I1 = C
1 0   1 1            I2 = 1
1 1   0 0            I3 = 0
```

இங்கே புதியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஜோடியில் 1 ஒன்று இருக்கிறதே என்று I0-க்கு நேராக 1 கொடுத்துவிடுவார்கள். 1 இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், C-யோடு சேர்ந்து F எப்படி நகர்கிறது என்று பாருங்கள். C ஏறும்போது F ஏறினால் C, இறங்கினால் C'.

சரிபார்க்க ஒரு குறுக்கு வழி: மூலக் கோவையில் A, B-க்கு மதிப்புப் போடுங்கள். A=0, B=0 என்றால் B'C' மட்டும் மிஞ்சி C' வரும். A=1, B=0 என்றால் C' + 1, அதாவது 1. நான்கையும் இப்படிப் போட்டு மேலே உள்ள அட்டவணையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் வயரைத் தொடாதீர்கள்.

## 4. எந்த மாறியை வெளியே விடுவது?

A, B-யைத்தான் செலக்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று விதி கிடையாது. எந்த இரண்டும் ஆகும். நம் சார்புக்கு மூன்று வழியும் போட்டால் இப்படி வருகிறது:

```
செலக்ட்  வெளியே   I0  I1  I2  I3
A B      C        C'  C   1   0
A C      B        B'  B   B'  B'
B C      A        1   A   0   A'
```

மூன்றிலும் ஏதோ ஒரு எதிர்நிலை தேவைப்படுகிறது, அதனால் இந்தச் சார்பில் மாற்றி எடுத்து லாபமில்லை. சில சார்புகளில் தேவையே வராது. ஃபுல் ஆடரின் கேரி அப்படிப்பட்டது, 0, C, C, 1 என்று வந்து நிற்கும். தேர்வு செய்ய என் வழக்கம் இது: ஒரு மாறி ஃபிளிப்-ஃபிளாப்பிலிருந்து வருகிறது என்றால் அதன் Q-வும் எதிர்நிலையும் இரண்டுமே பெரும்பாலும் கையில் இருக்கும், அதை வெளியே விட்டுவிடுவேன். ஸ்விட்சிலிருந்து மூன்றும் வரும்போது A, B-யையே செலக்டுக்கு எடுப்பேன். அப்போது ஜோடிகள் ட்ரூத் டேபிளில் அடுத்தடுத்த வரிகளாக அமையும், படிக்கும்போது கண் தவறாது.

A, C செலக்ட் என்று எடுத்தால் ஜோடி 0-ம் 2-ம், 1-ம் 3-ம் என்று தாவும். அப்போதும் அடுத்தடுத்த வரிகளையே ஜோடியாகப் படித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

## 5. C' எங்கிருந்து வரும்?

I0-க்கு C' வேண்டும். இதற்காக 7404 ஒன்றைத் தனியாக நட்டு, ஆறு இன்வெர்ட்டரில் ஒன்றை மட்டும் பயன்படுத்துவதுதான் வழக்கமான தீர்வு. ஆனால் 153-இல் இன்னொரு மக்ஸ் சும்மா கிடக்கிறதே!

அதன் எனேபிள் 0 இருந்தால்தான் அந்த மக்ஸ் வேலை செய்யும். எனேபிள் 1 ஆனால், செலக்ட் எதுவாக இருந்தாலும் அவுட்புட் 0. இப்போது இரண்டாவது மக்ஸின் நான்கு டேட்டா இன்புட்டையும் +5-இல் கட்டுங்கள். எனேபிளில் C-யைக் கொடுங்கள். C=0 என்றால் மக்ஸ் திறக்கும், எதைத் தேர்ந்தெடுத்தாலும் 1 வரும். C=1 என்றால் மூடிவிடும், 0 வரும். அவுட்புட்டில் இருப்பது C'. செலக்ட் வரிகள் பொது என்பதால் A, B அங்கேயும் மாறிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் நான்கு இன்புட்டும் ஒன்றே என்பதால் அது பொருட்டில்லை.

இன்னொரு வசதியும் உண்டு. HC சிப்பில் பயன்படாத இன்புட்களை எப்படியும் ஏதாவது ஒரு பக்கம் கட்டியாக வேண்டும், தொங்கவிடக் கூடாது. இந்த முறையில் அவை தாமாகவே கட்டப்பட்டுவிடுகின்றன.

## 6. வயரைத் தொடும் முன் பின் பட்டியல்

மதியத்தைத் தின்னும் படி இதுதான். மூன்று கண்ணிகள் இருக்கின்றன.

முதல் கண்ணி பெயர். சில நிறுவனங்களின் டேட்டாஷீட்டில் செலக்ட் பின்களின் பெயரே A, B. ஆனால் அங்கே பின் 2-இல் உள்ள B பெரிய பிட், பின் 14-இல் உள்ள A சிறிய பிட். நம் கணக்கில் A பெரிய பிட். பெயரைப் பார்த்து A-யை A-யில் செருகினால் I1-ம் I2-ம் இடம் மாறிவிடும். அதனால் பட்டியலில் சிப்பின் பெயர்களை A, B என்று எழுதாமல் S1, S0 என்று எழுதுகிறேன். வேறு சில டேட்டாஷீட்களில் இவையே அச்சாகியும் இருக்கும். S1 பெரியது, பின் 2. S0 சிறியது, பின் 14.

இரண்டாவது கண்ணி டேட்டா பின்களின் வரிசை. முதல் மக்ஸில் பின் 3-இலிருந்து 6 வரை I3, I2, I1, I0 என்று இறங்குவரிசையில் போகும். இரண்டாவதில் பின் 10-இலிருந்து 13 வரை I0, I1, I2, I3 என்று ஏறும். "பின் 3-இல் I3" என்று ஞாபகம் வைத்தால் முதல் பக்கம் குழம்பாது.

மூன்றாவது எனேபிள். பின் 1 முதல் மக்ஸுக்கு, பின் 15 இரண்டாவதுக்கு. எனேபிள் என்றதும் +5 கொடுத்து "ஆன்" செய்துவிடத் தோன்றும். இவை 0-வில்தான் ஆன்.

முழுப் பட்டியல்:

```
பின்          பெயர்      எங்கே போகிறது
16            VCC        +5 V
8             GND        0 V
2             S1         A ஸ்விட்ச்
14            S0         B ஸ்விட்ச்
15            2E         C ஸ்விட்ச்
10,11,12,13   2I0..2I3   +5 V
9             2Y         பின் 6
1             1E         0 V
6             1I0        பின் 9
5             1I1        C ஸ்விட்ச்
4             1I2        +5 V
3             1I3        0 V
7             1Y         1 k, பிறகு LED, பிறகு 0 V
```

பதினாறு பின்னும் பட்டியலில் வந்துவிட்டதா என்று எண்ணுங்கள். ஒன்று விட்டுப்போனால் அது தொங்கும் பின்.

## 7. வயர் போடும் வரிசை

சப்ளையை அணைத்துவிட்டு 16, 8 இரண்டையும் முதலில் இணையுங்கள். கெப்பாசிட்டரையும் அப்போதே வைத்துவிடுங்கள். சிப்பின் வெட்டு மேலே இருந்தால் பின் 1 இடது மேல் மூலையில். தலைகீழாக நட்டுவிட்டுச் சப்ளை கொடுத்தால் +5-ம் கிரவுண்டும் இடம் மாறும். சிப் சூடாகிறதா என்று விரல் வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது அப்படி ஒரு சிப்பைப் பொசுக்கிய பிறகுதான்.

அடுத்து மூன்று ஸ்விட்சும் ரெசிஸ்டரும். சிப்போடு இணைக்கும் முன்பே மீட்டரில் 0-ம் 5-ம் மாறி வருகிறதா என்று பாருங்கள்.

பிறகு இரண்டாவது மக்ஸை மட்டும் கட்டுங்கள்: 10 முதல் 13 வரை +5, 15-க்கு C. 2, 14 இரண்டுக்கும் A, B. முதல் மக்ஸ் இன்னும் தயாராகவில்லை, அதன் இன்புட்களைத் தற்காலிகமாகக் கிரவுண்டில் வையுங்கள். இப்போது சப்ளை கொடுத்து பின் 9-ஐ அளந்து பாருங்கள். C=0-வில் 5 வோல்ட், C=1-இல் 0. A, B-யை எப்படிப் புரட்டினாலும் இது மாறக்கூடாது. மாறினால் டேட்டா பின் ஒன்று +5-ஐத் தொடவில்லை, A, B எந்த நிலையில் மாறுகிறது என்பதே எந்தப் பின் என்று சொல்லிவிடும்.

C' உறுதியானதும் சப்ளையை அணைத்து முதல் மக்ஸைக் கட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கட்டிவிட்டுச் சோதித்தால், தவறு C'-இல் இருக்கிறதா மக்ஸில் இருக்கிறதா என்று பிரிக்க முடியாது.

## 8. எட்டு வரியையும் சோதியுங்கள்

நான்கைந்து வரி சரியாக வந்ததும் "ஆயிற்று" என்று எழுந்துவிடாதீர்கள். இந்தச் சர்க்யூட்டில் பெரிய தவறு இருந்தாலும் பாதிக்கு மேல் வரிகள் சரியாகவே வரக்கூடும். எட்டையும் எழுதி, தவறு எந்த வரிகளில் விழுகிறது என்று பாருங்கள். நோயை அதுவே காட்டிக்கொடுக்கும்.

```
வரி                    0 1 2 3 4 5 6 7
சரியானது               1 0 0 1 1 1 0 0
S1, S0 இடம் மாறினால்    1 0 1 1 0 1 0 0
I0..I3 தலைகீழானால்     0 0 1 1 0 1 1 0
பின் 15 கிரவுண்டில்       1 1 0 1 1 1 0 0
பின் 1 +5-இல்           0 0 0 0 0 0 0 0
```

செலக்ட் இடம் மாறியதில் 2, 4 ஆகிய இரண்டு வரி மட்டுமே தவறு. A-யும் B-யும் ஒன்றாக இருக்கும் வரிகளில் இடம் மாற்றம் தெரியாது, மீதி நான்கிலும் I1-இன் C-யும் I2-இன் 1-ம் C=1 ஆகும்போது ஒத்துப்போய்விடுகின்றன. ஒரு மாணவி இந்த இரண்டு வரிக்காக சிப்பையே மாற்றி, அடுத்த சிப்பிலும் அதே விடை வந்து, மூன்றாவதைக் கேட்டு வந்து நின்றார். இரண்டு சிப் ஒரே மாதிரி "கெட்டுப்போயிருந்தால்" கெட்டது சிப் அல்ல.

டேட்டா தலைகீழானதில் C=0 வரிகள் நான்கும் தவறு, C=1 வரிகள் நான்கும் சரி. C' கட்டியதில்தான் ஏதோ கோளாறு என்று சத்தியம் செய்யத் தோன்றும். படி 7-இல் பின் 9-ஐத் தனியாக அளந்திருந்தால் அந்தச் சந்தேகத்தில் நேரம் போகாது, நேரே 3 முதல் 6 வரையிலான பின்களுக்கு வந்துவிடலாம்.

வரி 1 மட்டும் தவறு என்றால் பின் 9 எப்போதும் 1 ஆகவே இருக்கிறது. எனேபிள் இரண்டையும் பழக்கதோஷத்தில் கிரவுண்டில் செருகியிருப்பீர்கள்.

ஒரே நிலையில் வைத்தும் விடை நிலையாக நிற்காமல் ஆடினால் மேலே உள்ள எதுவுமில்லை, எங்கோ ஒரு பின் தொங்குகிறது.

## 9. ஸ்விட்சில் தெரியாத ஒன்று

எட்டு வரியும் சரியாக வந்த பிறகும் ஒரு விஷயம் பாக்கி. B=0, C=0 ஆக வைத்து A-யை மட்டும் மாற்றுங்கள். வரி 0-விலிருந்து 4-க்குப் போகிறோம், இரண்டிலும் F=1. எல்.இ.டி. அசையாமல் எரியும். ஆனால் உள்ளே மக்ஸ் I0-வை விட்டு I2-வுக்குத் தாவுகிறது. A-யும் அதன் உள் எதிர்நிலையும் ஒரே கணத்தில் மாறுவதில்லை, அதனால் சில நானோவினாடிக்கு இரண்டுமே தேர்வாகாமல் அவுட்புட் 0-வில் தட்டிவிட்டு வரலாம். ஆசிலோஸ்கோப்பில்தான் இது தெரியும்.

கேட் சர்க்யூட்டில் B'C' என்ற ஒரே உறுப்பு 0, 4 இரண்டு வரியையும் சேர்த்துப் பிடித்திருந்ததால் இந்தத் தாவலில் அங்கே பள்ளம் விழாது. மக்ஸுக்கு மாறியதில் நாம் இழந்தது இதுதான்.

F ஒரு ரெஜிஸ்டரின் D-க்குப் போய், கிளாக் வரும் முன் அடங்கிவிடும் என்றால் கவலையே வேண்டாம். F-ஐ நேரே கிளாக்காகவோ, ஃபிளிப்-ஃபிளாப்பின் ரீசெட்டாகவோ கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் படி 4-க்குத் திரும்புங்கள்: டேட்டா பக்கம் விட்ட மாறி மாறும்போது தேர்வு தாவுவதில்லை. A-தான் அடிக்கடி மாறும் மாறி என்றால் B, C-யை செலக்டுக்குக் கொடுத்து A-யை வெளியே விடுங்கள். I0 அப்போது நிலையான 1, வரி 0-விலிருந்து 4-க்குப் போகும் தாவல் சுத்தமாகிவிடும். அந்த அமைப்பில் பள்ளம் விழக்கூடிய இடம் 4-க்கும் 5-க்கும் நடுவே, C மாறும்போது.